மாட்டுங்கா, சனிக்கிழமை இரவு: பெடர் ரோட்டுக்காக ஒரு கணக்கு

20 ஜனவரி 2024, மாட்டுங்கா, மும்பை

நாளை காலை 5 மணிக்கு மும்பை மராத்தான். 42.195 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை இதுவரை நான் ஓடியதில்லை. பயிற்சியில் அதிகபட்சம் 32 வரை போயிருக்கிறேன். அதற்கு மேல் என் உடம்பு என்ன செய்யும் என்று நாளைதான் தெரியும்.

ரயில் பயணத்தைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸில் வரிசையில் நின்று, பனியனில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப் வாங்கியதும் நேற்றைய பதிவில் இருக்கிறது. இன்று ஊர் சுற்றவில்லை. சித்தி வீட்டிலேயே இருந்தேன். காலையில் மட்டும் இருபது நிமிடம் கிங்ஸ் சர்க்கிள் பூங்காவைச் சுற்றி மெல்ல ஓடிவிட்டு, மார்க்கெட் வழியாகத் திரும்பினேன். வாழையிலை, கதம்பம், முருங்கைக்காய், கடைக்காரர் தமிழில் விலை சொல்வது என்று எல்லாம் அங்கே இருக்கிறது. திருச்சியிலிருந்து இவ்வளவு தூரம் வந்தும், நாளைய ஓட்டத்துக்கு முந்தின சாப்பாடு நான் பழகிய சாப்பாடாகவே கிடைத்தது பெரிய பாக்கியம். வெளியூர்ப் பந்தயத்தில் வயிறு கெடுவதற்குப் பெரும்பாலும் முந்தின நாளின் புதுச் சாப்பாடுதான் காரணம்.

இன்றைய பதிவு முழுக்க நாளைய ஓட்டத்தின் திட்டம். முதல் முறை ஓடப் போகிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் பாதை. சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்கு எதிரே ஆரம்பம். அங்கிருந்து மரைன் டிரைவ், சௌபாட்டி, கெம்ப்ஸ் கார்னர், பெடர் ரோடு, ஹாஜி அலி, வொர்லி. அப்புறம் பாந்த்ரா-வொர்லி கடல் பாலம். 2009இல் திறந்த, ஐந்தரை கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள இந்தப் பாலத்தில் மற்ற நாட்களில் நடந்து போகவோ இரு சக்கர வண்டியில் போகவோ விடமாட்டார்கள். காலால் கடக்க வேண்டுமென்றால் இந்த மாதிரி ஓட்டத்தில் பேர் கொடுப்பதுதான் வழி. என் வேகத்துக்கு நான் அதன் மேல் இருக்கும்போது விடிந்துகொண்டிருக்கும். சூரிய உதயம் ஏழேகால் வாக்கில். பாந்த்ராவில் இறங்கி மாஹிம், சிவாஜி பார்க், பிரபாதேவி வழியாக மறுபடி வொர்லி, ஹாஜி அலி. அதற்குப் பிறகு வருகிறது பெடர் ரோட்டு ஏற்றம்.

போகும்போதும் பெடர் ரோடு வரும், திரும்பும்போதும் வரும். போகும்போது அது ஒரு பொருட்டே இல்லை. இருட்டு, குளிர்ச்சி, புதுக் கால்கள். திரும்பும்போது ஹாஜி அலி பக்கமிருந்து ஜஸ்லோக் மருத்துவமனை இருக்கும் மேட்டை நோக்கி ஏற வேண்டும். ஏறக்குறைய 35, 36ஆவது கிலோமீட்டர். மலை என்று சொல்கிற அளவுக்கு உயரமில்லை. புதிய காலோடு போனால் ஏறியதே தெரியாது. ஆனால் மும்பை ஓட்டக்காரர்கள் யாரிடம் பேசினாலும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். லதா மங்கேஷ்கர் வாழ்ந்த பிரபு குஞ்ச் இருப்பதும் இந்தச் சாலையில்தான். அங்கே என்னால் பாட்டை நினைக்க முடிந்தால் என் திட்டம் பலித்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன்.

எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு அண்ணன் போன ஆண்டு இதே பாதையில் ஓடினார். பயிற்சியில் என்னைவிட எவ்வளவோ வேகமானவர். அரை மராத்தானை 2 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்கிறவர். நிதானமாகப் போயிருந்தால் மும்பையை 4 மணி 40 நிமிடத்தில் முடித்திருப்பார் என்று அவரே சொல்கிறார். 5 மணி 15 நிமிடம் ஆனது. தன் கடிகாரத்தில் பதிவான எண்களை எனக்கு அனுப்பினார், மற்றவர்களுக்கும் காட்டு என்று சொல்லித்தான் அனுப்பினார். இரண்டு வாரமாக அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதல் 10 கிலோமீட்டர் 58 நிமிடம். அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 48 நொடி. 4:40க்கு முடிக்க அவருக்குத் தேவைப்பட்டது 6:38தான். ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 50 நொடி சேமித்ததாக அவருக்கு அப்போது தோன்றியிருக்கிறது. பாதி தூரத்தை 2 மணி 6 நிமிடத்தில் கடந்தார். அங்கே வரைக்கும் மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. 30ஆவது கிலோமீட்டரில் கடிகாரம் 3 மணி 6 நிமிடம் காட்டியது. பாதிக்குப் பிறகு வேகம் 6:44க்கு இறங்கிவிட்டது, ஆனால் அப்போதும் தான் தளர்வதாக அவர் உணரவில்லை. கடைசி 12 கிலோமீட்டருக்கு 2 மணி 9 நிமிடம். கிலோமீட்டருக்குப் பத்தரை நிமிடம் என்றால் அது பெரும்பாலும் நடைதான். ஹாஜி அலி தாண்டியதும் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. ஏற்றம் முழுவதும் சாலையோரத் தடுப்பைப் பிடித்துப் பிடித்துப் போயிருக்கிறார்.

"பெடர் ரோட்டுல நான் தோத்தேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நான் தோத்தது மரைன் டிரைவ்லம்மா" என்றார்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மெதுவாக ஓடும் துணிச்சல் வந்தது. உடம்பு தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தயாரானவரிடம் அது 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். கலோரியில் சொன்னால் 2,000 அருகே. ஓடுவதற்கு ஆகும் செலவு தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி. என் எடை 60 கிலோ. எனக்கு 42 கிலோமீட்டருக்கு 2,500 கலோரி வேண்டும். கையிருப்பு போதவில்லை. மீதியைக் கொழுப்பு தர வேண்டும், அது எல்லோரிடமும் தாராளமாக இருக்கிறது. ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும். மெதுவாக ஓடினால் செலவில் பெரிய பங்கைக் கொழுப்பு ஏற்றுக்கொள்ளும். வேகம் கூடக் கூட உடம்பு கிளைகோஜன் பக்கம் சாய்கிறது. ஆகவே ஆரம்பத்தில் வேகமாகப் போகிறவர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சேமிப்பிலிருந்து அதிகமாக எடுக்கிறார். அந்த நேரத்தில் எந்த வலியும் இதை அவருக்குச் சொல்வதில்லை. 30 தாண்டியதும் இருப்பு தீர்கிறது. கால்கள் கனக்கின்றன, தலை மந்தமாகிறது, கிலோமீட்டர்ப் பலகையைப் பார்த்தாலும் மீதி எத்தனை என்று கழித்துப் பார்க்க வரவில்லை. ஓட்டக்காரர்கள் சுவர் என்று சொல்வது இதைத்தான்.

மும்பையில் இன்னொன்றும் சேர்கிறது. புறப்படும்போது 18, 19 டிகிரி இருக்கும். கடற்கரைக் காற்று, விளக்குகள், ஆயிரக்கணக்கான பேர், மேளம், மாதக்கணக்கில் காத்திருந்த உற்சாகம். மூன்று வாரமாகப் பயிற்சியைக் குறைத்து ஓய்வெடுத்த கால்கள் வேறு. எந்த வேகமும் எளிதாகத் தோன்றும். 9 மணிக்கு வெயில் ஏறிவிடும், காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை சரியாக ஆவியாகாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போக வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். காலையில் 5:48 எவ்வளவு எளிதாக இருந்ததோ, அதே அளவு சிரமத்தில் 9 மணிக்கு அதைவிட எவ்வளவோ மெதுவாகத்தான் ஓட முடியும்.

சரி, என் கணக்கு. சென்னையில் ஓடிய அரை மராத்தான் 2 மணி 20 நிமிடம். அதை வைத்து முழு மராத்தானைக் கணிக்க ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய 2.085 மடங்கு ஆகும் என்கிறது. 140 நிமிடத்தை அதால் பெருக்கினால் 4 மணி 52 நிமிடம். அந்தச் சூத்திரம் நல்ல பயிற்சி அடித்தளம் உள்ளவர்களுக்குச் சரியாக வரும். நான் வாரத்துக்கு 45 கிலோமீட்டர்தான் ஓடினேன். அந்த அளவுப் பயிற்சியோடு முதல் முறை ஓடுகிறவர்கள் சூத்திரம் சொல்வதைவிடத் தாமதமாகத்தான் முடிக்கிறார்கள், வெயில் ஏறும் ஊரில் இன்னும் கொஞ்சம். அதனால் 4:52ஐ மறந்துவிட்டேன்.

முதல் 32 கிலோமீட்டரை 7 நிமிடம் 10 நொடி வேகத்தில் போகிறேன். கடைசிப் பத்துச் சொச்சத்துக்கு, ஏற்றத்தையும் வெயிலையும் சேர்த்து, 7:30 என்று வைத்திருக்கிறேன். மொத்தம் 5 மணி 6 நிமிடம். பால்பாயிண்ட் பேனாவால் இடது கையின் உட்புறத்தில் மூன்று எண்களை எழுதப் போகிறேன். 10இல் 1:12, பாதியில் 2:31, 32இல் 3:49. முதல் எண்ணில் நான் 1:10க்கு முன்னால் போய்விட்டால், அது நல்ல செய்தி இல்லை, வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

கடிகாரத்தை நம்புவதிலும் ஒரு கவனம் வேண்டும். பாதையை அளக்கிறவர்கள் வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டில் அளப்பார்கள். நாம் கூட்டத்தில் வளைந்து நெளிந்து, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுவோம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ்.ஸும் தடுமாறும். ஓடி முடிக்கும்போது கடிகாரம் 42.7 கிலோமீட்டர் காட்டினால் ஆச்சரியமில்லை. அப்படியானால் கடிகாரம் 7:05 காட்டும்போதுதான் நான் உண்மையில் 7:10இல் போகிறேன். அதனால் கடிகாரத்தின் தானியங்கிக் கணக்கை அணைத்துவிட்டேன். சாலையோரக் கிலோமீட்டர்ப் பலகையைத் தாண்டும்போது நானே பொத்தானை அழுத்துவேன். தொடக்கக் கோட்டைக் கடப்பதற்கே எனக்குப் பத்து நிமிடமாகலாம், பின் பிரிவில் நிற்கிறேன். பிப்பின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிப் நான் கோட்டைக் கடக்கும் நொடியிலிருந்துதான் என் நேரத்தை எண்ணும். ஆகவே முன்னால் நிற்கிறவர்களைப் பார்த்து அவசரப்பட ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சித்திக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். எனக்காக அவியலும் கொண்டைக்கடலைக் குழம்பும் வைக்க நினைத்திருந்தார்.

"ஓடப்போற பொண்ணு, சத்தா சாப்பிட வேண்டாமா?"

"நாளைக்கு மத்தியானம் எல்லாத்தையும் சாப்பிடறேன் சித்தி. இன்னைக்கு வெறும் சோறும் உருளைக்கிழங்கும் போதும்."

நேற்றும் இன்றும் என் வேலை மாவுச்சத்தை நிரப்புவதும் நார்ச்சத்தைக் குறைப்பதும்தான். கடலை, கீரை, அதிகப் பருப்பு எல்லாம் மற்ற நாளில் நல்லது. நாளை 25ஆவது கிலோமீட்டரில் அவை வயிற்றில் கிடந்தால் கழிப்பறை தேட வேண்டியிருக்கும். எடையில் கிலோவுக்கு 8 கிராம் என்று எனக்கு 480 கிராம் மாவுச்சத்து. கேட்கும்போது பெரிதாகத் தெரியாது, சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். காலையில் ஆறு இட்லி சர்க்கரை தொட்டு. மதியம் ஒன்றரை ஆழாக்கு அரிசிச் சோறு, ரசம். இடையில் இரண்டு வாழைப்பழம், எலுமிச்சைச் சர்பத். மாலையில் ஜாம் தடவிய நாலு ரொட்டி. இரவு 7 மணிக்கே தயிர்சாதமும் உருளைக்கிழங்கும். பெரிய பங்கைக் காலையிலும் மதியத்திலும் முடித்துவிட வேண்டும். இரவில் வயிறு முட்டச் சாப்பிட்டால் தூக்கமும் போகும், காலையில் மந்தமும் வரும்.

இன்று மாலை எடை பார்த்தேன், ஒரு கிலோவுக்கும் மேல் கூடியிருந்தது. அது கொழுப்பு இல்லை. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டுதான் சேமிக்கப்படுகிறது. தொடை கனமாக, இறுக்கமாக இருக்கிறது. இதைப் பார்த்துப் பயந்து கடைசி நாளில் பட்டினி கிடந்தவர்களை எனக்குத் தெரியும். கனமாக இருக்கிறதென்றால் சரக்கு ஏறியிருக்கிறது.

ஓடும்போது சாப்பிட ஆறு ஜெல் பொட்டலம். ஒவ்வொன்றிலும் சுமார் 25 கிராம் மாவுச்சத்து. 45 நிமிடத்துக்கு ஒன்று. பசித்த பிறகு இல்லை, முதல் 45 நிமிடத்தில் எதுவும் தேவையில்லை என்று தோன்றும்போதே முதல் பொட்டலம். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், 30க்குப் பிறகு வயிறு அதை ஏற்காது. செரிமானத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கால்களிலும் தோலிலும் இருக்கும். ஜெல்லோடு வெறும் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். இனிப்பான எலக்ட்ரோலைட் பானத்தையும் சேர்த்துக் குடித்தால் குடலில் சர்க்கரை அடர்ந்து குமட்டல் வரும். பயிற்சியில் காவிரிக் கரை ஓட்டங்களில் கடலை மிட்டாயையும் முயன்றேன். சுவை பிரமாதம், ஆனால் வேர்க்கடலையின் கொழுப்பு மெதுவாகத்தான் இறங்குகிறது, மெல்லும்போது மூச்சும் தடைப்படுகிறது. நாளைக்கு ஜெல்தான்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். என்னைப் போல் மெதுவாக ஓடுகிறவர்களுக்கு இங்கேதான் உண்மையான ஆபத்து. வெயில் ஊரிலிருந்து வருகிற நமக்குச் சின்ன வயதிலிருந்தே தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்றுதான் சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்து மணி நேரம் ஓடுகிறவர் ஒவ்வொரு மேசையிலும் நின்று நிறையக் குடித்தால், வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்துவிட முடியும். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்தவர்களில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருப்பது அதன் முக்கிய அடையாளம், மெதுவாக ஓடியவர்களிடம் அது அதிகம். தலைவலி, குமட்டல், விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, குழப்பம் எல்லாம் அறிகுறிகள். இதைத் தண்ணீர் வற்றியதாக நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

எனக்கு எவ்வளவு வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருந்தது. ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். திருச்சி வெயிலில் 700 கிராம் குறைந்தது, இடையில் 300 மில்லி குடித்திருந்தேன். ஆக வியர்வை ஒரு லிட்டர். நாளை காலை குளிர்ச்சியில் அதைவிடக் குறைவாகத்தான் வியர்க்கும். மணிக்கு 400 முதல் 500 மில்லி, அதுவும் தாகம் எடுத்தால். கொஞ்சம் எடை குறைந்து முடிப்பது சாதாரணம். மோதிரத்தைக் கழற்றிச் சித்தியிடம் கொடுத்துவிட்டேன். கைக்கடிகாரப் பட்டை இறுகினால் அது எனக்கு எச்சரிக்கை, தண்ணீரை நிறுத்திவிட்டு மருத்துவ உதவிக் கூடாரத்துக்குப் போவேன்.

மாலையிலிருந்து வலது முழங்காலில் ஒரு வலி. பயிற்சியைக் குறைக்கும் வாரங்களில் இப்படி இல்லாத வலியெல்லாம் வரும் என்று எல்லா ஓட்டக்காரர்களும் சொல்வார்கள். இந்த வாரம் பொங்கலன்று இடது குதிகாலில் இருந்தது, மறுநாள் காணோம். இது அந்த வகையா என்று பார்க்க ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தேன். வலி ஒரு புள்ளியில் குத்தவில்லை, குதிக்கக் குதிக்கக் கூடவும் இல்லை. படி இறங்கும்போதும் ஒன்றும் தெரியவில்லை. காலை ஓட்டத்திலும் இல்லை. எலும்பில் கீறல் இருந்தால் விரல் வைத்தால் ஒரே இடத்தில் வலிக்கும், குதித்தால் சுளீரென்று இருக்கும். அப்படி இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்த பிறகும் நாளை ஓடமாட்டேன். இது அது இல்லை.

நாற்காலியில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தாயிற்று. நீல பனியனில் நாலு ஊக்கால் பிப் குத்தியாகிவிட்டது. காலுறையும் காலணியும் பயிற்சியில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியவை, பிப் கொடுத்த கண்காட்சியில் வாங்கிய எதையும் நாளை போடப் போவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, உள்ளாடை விளிம்பு உரசும் இடங்களுக்கு வாசலின். இதை யாரும் சொல்வதில்லை, 32 கிலோமீட்டர் ஓடிவிட்டுக் குளிக்கப் போனால் தண்ணீர் பட்டதும் தெரியும். காத்திருக்கும்போது குளிராமல் இருக்கச் சித்தப்பாவின் பழைய சட்டை ஒன்று. புறப்படும்போது ஓரமாகப் போட்டுவிடுவேன்.

சித்தப்பா மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த லோக்கல் எத்தனை மணிக்கு என்று அவரைக் கேட்டால் போதும். நாளை மராத்தானுக்காக அதிகாலைச் சிறப்பு லோக்கல் விடுகிறார்கள். அது போய்ச் சேரும் நேரத்தைப் பார்த்துவிட்டு, "உனக்குக் கழிப்பறை வரிசைக்கே முக்கால் மணி நேரம் வேணும்மா, டாக்சியிலேயே போயிடு" என்றார். அவர் சொல்வது சரி. தெரு முனையில் வழக்கமாக நிற்கும் காளி-பீலி டாக்சிக்காரரிடம் மூன்றரைக்கு வரச் சொல்லிவிட்டார். சாலைகள் மூடியிருக்கும், அவர் கொஞ்சம் தள்ளி இறக்கிவிட்டால் ஓட்டக்காரர்கள் கூடும் மைதானம் வரை நடப்பது உடம்பைச் சூடாக்க உதவும்.

எழுவது 2:30க்கு. 2:45க்கு ரொட்டி, ஜாம், ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் காபி. ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருப்பதால் வயிறு காலியாகிவிடும். தூக்கம் வருமா என்று தெரியவில்லை, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன். ஓட்டத்துக்கு முந்தின இரவு யாரும் சரியாகத் தூங்குவதில்லை, அதற்கும் முந்தின இரவுத் தூக்கம்தான் கை கொடுக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதற்காகவே வியாழக்கிழமையே மும்பை வந்து சேர்ந்தேன்.

பெடர் ரோட்டு ஏற்றத்துக்கு மட்டும் தனித் திட்டம். அங்கே கடிகாரத்தைப் பார்க்கமாட்டேன். அடியைச் சுருக்கி, முழங்காலை அதிகம் தூக்காமல், மூச்சு எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் வைத்துக்கொண்டு ஏறுவேன். கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம் ஆனாலும் நான் இழப்பது ஒரே ஒரு நிமிடம். மூச்சு இரைக்க ஆரம்பித்தால் நடப்பேன், கையை வீசி வேகமாக. மேட்டின் உச்சியில் ஐந்தாவது பொட்டலம் தீர்ந்திருக்க வேண்டும். அப்புறம் கெம்ப்ஸ் கார்னர் இறக்கம். அங்கே கால் தானாக ஓடும், ஆனால் களைத்த தொடைத் தசைக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை, அதனால் பாய்ந்து இறங்கக் கூடாது. பிறகு சௌபாட்டி, மரைன் டிரைவ், சர்ச்கேட் பக்கம் திரும்பி முடிவுக்கோடு.

எலீட் எனப்படும் முன்னணி வீரர்கள் எங்களுக்குப் பிறகு, காலை 7 மணிக்கு மேல்தான் புறப்படுவார்கள். போன ஆண்டு எத்தியோப்பியாவின் ஹைலே லெமி 2 மணி 7 நிமிடம் 32 நொடியில் ஓடி இந்தப் பாதையின் சாதனையை ஏற்படுத்தினார். நான் ஏற்றத்தில் இருக்கும்போது அவர்களில் முதல் ஆள் முடிவுக்கோட்டை நெருங்கிக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஒரே காலையில், ஒரே ஊர்ச் சாலையில், அவர்களோடு நானும்.

இதைப் படிக்கும் மும்பைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெடர் ரோட்டு மக்கள் ஆண்டுதோறும் வாசலில் நின்று ஆரஞ்சுச் சுளை, வாழைப்பழம், பிஸ்கட் எல்லாம் நீட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வெயில் ஏறிய பிறகு வருகிற எங்களைப் போன்றவர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். கோட்டைக் கடக்க எனக்குப் பத்து நிமிடமானால், ஒன்பதேகாலிலிருந்து ஒன்பதரைக்குள் ஜஸ்லோக் பக்கம் வருவேன். நீல பனியன், வெள்ளைத் தொப்பி. ஆரஞ்சுச் சுளையில் துளி உப்பு தூவியிருந்தால் இன்னும் நல்லது. மணி ஒன்பது ஆகிறது, சித்தப்பா விளக்கை அணைக்கச் சொல்கிறார்.